மலைத்தோட்டத்து பம்ப் எவ்வளவு கரண்டைத் தண்ணீராக்குகிறது? அளந்து கணக்கிடும் முழு வழிமுறை

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் ஒரு கேரட் தோட்டம். கீழே ஓடைக்கரைக் கிணற்றில் 5 ஹெச்.பி. த்ரீ ஃபேஸ் மோனோபிளாக், மேலே படிக்கட்டு வயல்களின் உச்சியில் 20,000 லிட்டர் தொட்டி, நடுவில் 180 மீட்டர் நீளத்துக்கு இரண்டு அங்குல ஜி.ஐ. பைப். "பம்ப் தேஞ்சு போச்சுங்க, புதுசு வாங்கலாம்னு இருக்கேன்" என்றார் தோட்டக்காரர். வாங்குவதற்கு முன் ஒரு காலைப்பொழுது அளந்து பார்க்கலாம் என்று சொன்னேன். அந்த அளவீட்டை எண்களோடு இங்கே படிப்படியாகத் தருகிறேன். புதிதாக அளக்க வருபவர்கள் தடுமாறுவதை நான் பார்த்த இடங்களில் கொஞ்சம் அதிகம் நிற்பேன்.

கணக்கு சிறியது. ஒரு நொடியில் ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் உயர்த்த 9.81 வாட் வேண்டும். தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்த வாட்டை மோட்டார் இழுத்த வாட்டால் வகுத்தால் செயல்திறன் கிடைத்துவிடும்.

```
தண்ணீர் சக்தி (W) = 9.81 × Q (L/s) × H (m)
செயல்திறன் (%)   = தண்ணீர் சக்தி ÷ மின்சக்தி (W) × 100
```

இதில் Q என்பது நொடிக்கு வரும் தண்ணீர், H என்பது உயரம். சிக்கல் எல்லாம் H என்ற ஓர் எழுத்தில்தான் இருக்கிறது. அதை இரண்டு விதமாக அளக்க வேண்டும். ஏன் என்பது 4-ஆம் படியில் வரும்.

## 1. கிளம்பும் முன் சேர்க்க வேண்டியவை

200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று. 0 முதல் 7 கிலோ வரை காட்டும் பிரஷர் கேஜ் ஒன்று. 16 கிலோ கேஜ் வேண்டாம். அதன் ஒவ்வொரு கோடும் பல மீட்டருக்குச் சமம், நம் அளவு அதில் ஒரு மூலையில் ஒடுங்கிவிடும். சக்ஷன் பக்கத்துக்கு ஒரு வாக்குவம் கேஜ். நேரம் பார்க்க மொபைல். கிணற்று ஆழம் பார்க்கக் கயிறும் டேப்பும்.

கேஜ் பொருத்த பம்பின் டெலிவரி வாயிலும் சக்ஷன் வாயிலும் திருகுத் துளை இருக்கும். பல பம்புகளில் பிளக் போட்டு அடைத்திருப்பார்கள். இல்லையென்றால் பைப்பில் துளை போட்டு ஒரு சின்ன காக் வைக்க வேண்டும். டெலிவரி பக்கத் துளை கேட் வால்வுக்கு முன்னால், பம்பை ஒட்டியே இருக்கட்டும். வால்வுக்குப் பின்னால் வைத்தால் வால்வு தின்னும் அழுத்தம் கணக்கில் வராது.

மின் அளவுக்கு இரண்டு வழி உண்டு. எனர்ஜி மீட்டர் இருந்தால் அதுவே போதும். மீட்டர் இல்லாத இணைப்பு என்றால் வாட் காட்டும் கிளாம்ப் மீட்டர் வேண்டும், அதை எலக்ட்ரீஷியன்தான் போட வேண்டும். ஈரத்தரையில் நின்றுகொண்டு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறப்பது நம் வேலை இல்லை.

கூட ஓர் ஆள் அவசியம். தண்ணீர் மேலே விழுகிறது, மீட்டர் கீழே சுழல்கிறது. பள்ளத்துக்குள் சிக்னல் கிடைக்காத இடங்களில் விசில் வைத்துக்கொள்வோம்: ஒரு விசில் தொடக்கம், இரண்டு விசில் முடிவு.

## 2. டிரம்மை முதலில் அளந்துகொள்ளுங்கள்

200 லிட்டர் என்று எழுதியிருக்கும் டிரம் விளிம்புவரை நிரம்பினால் 200-க்கு மேல் பிடிக்கும். அதனால் விளிம்பை நம்பக் கூடாது. ஒரு வாளியில் 10 கிலோ தண்ணீரைத் தராசில் நிறுத்து எடுங்கள். அந்த அளவுக்குக் கோடு போட்டு, 18 வாளி டிரம்மில் ஊற்றி, நீர்மட்டம் நிற்கும் இடத்தில் பெயின்ட் கோடு இழுங்கள். அது 180 லிட்டர். டிரம்மைச் சமதளத்தில் வைத்துக் கோடு போட வேண்டும், அளக்கும்போதும் சமதளத்தில் வைக்க வேண்டும். சரிவில் சாய்ந்து நிற்கும் டிரம் பொய் சொல்லும்.

இந்த வேலையை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். தோட்டத்துக்கு வந்தபின் செய்யலாம் என்று விட்டவர்கள் பெரும்பாலும் "சுமார் 200" என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

## 3. தண்ணீர் அளவு: பம்ப் ஓட்டம் நிலைத்தபின்

பம்பைப் போட்டு 15 நிமிடம் ஓடவிடுங்கள். பைப்பில் தங்கிய காற்று வெளியேற வேண்டும், கிணற்று நீர்மட்டம் இறங்கி நிலைக்க வேண்டும். முதல் 5 நிமிடத்தில் அளந்தால் வேறொரு பம்பை அளந்த மாதிரி இருக்கும்.

தொட்டியின் மேலே தண்ணீர் விழும் வாயைக் கொஞ்ச நேரத்துக்கு டிரம்மின் பக்கம் திருப்புங்கள். வாய் அதே உயரத்தில் இருக்க வேண்டும். டிரம் கீழே இருக்கிறது என்று ஹோஸை 2 மீட்டர் தாழ்த்திப் பிடித்தால் உயரம் குறைந்து தண்ணீர் கூடும். நாம் அளக்க வந்த நிலை அது இல்லை.

ஸ்பிரிங்க்ளர் ஓடும்போதும் அளக்கக் கூடாது. தண்ணீர் தொட்டிக்குப் போகும் வழியில் மட்டும் அளக்க வேண்டும்.

கேத்தியில் மூன்று முறை நிரப்பினோம்: 56, 57, 56 நொடி. சராசரி 56.3.

```
Q = 180 ÷ 56.3 = 3.2 L/s
```

20 லிட்டர் வாளியில் இதைச் செய்திருந்தால் ஆறு நொடியில் நிரம்பிவிடும். விரல் அரை நொடி தாமதித்தாலே 8 சதவீதம் பிசகும். டிரம்மில் அதே அரை நொடி 1 சதவீதத்துக்குள் அடங்கும். டிரம்மைத் தூக்கிக்கொண்டு மேடேறுவது இதற்காகத்தான்.

## 4. உயரம்: இரண்டு எண்கள் வேண்டும்

மலையில் அதிகம் பிழை நடப்பது இந்தப் படியில்தான்.

முதல் எண் நிலை உயரம். கிணற்று நீர்மட்டத்திலிருந்து மேலே தண்ணீர் விழும் வாய்வரை செங்குத்தாக எத்தனை மீட்டர் என்பது. பைப் நீளத்தைப் போடக் கூடாது. 180 மீட்டர் பைப்பை 180 மீட்டர் உயரமாகப் போட்டால் செயல்திறன் 145 சதவீதம் என்று வரும். 100-ஐத் தாண்டியதும் யாருக்கும் சந்தேகம் வந்துவிடும், எனவே அந்தப் பிழையால் பெரிய ஆபத்து இல்லை. மொபைல் காட்டும் உயரத்தைப் போடுவதுதான் ஆபத்து. மலைச்சரிவில் அது பத்துப் பதினைந்து மீட்டர் தவறாகக் காட்டும், கிடைக்கும் விடையோ நம்பும்படியாகவே இருக்கும்.

பிரஷர் கேஜை வைத்தே உயரத்தைப் பார்க்கலாம். பம்பை நிறுத்துங்கள். ஃபுட் வால்வு பிடித்து நின்றால் பைப் முழுக்கத் தண்ணீர் தங்கியிருக்கும். முள் ஆடி அடங்க ஒரு நிமிடம் விட்டுப் படியுங்கள். ஒரு கிலோ என்பது 10 மீட்டர் தண்ணீர். எங்களுக்கு 3.5 கிலோ காட்டியது. அதாவது கேஜிலிருந்து மேலே வாய்வரை 35 மீட்டர்.

முள் மெல்ல மெல்ல இறங்கினால் ஃபுட் வால்வு கசிகிறது. அதைச் சரிசெய்துவிட்டு மீண்டும் பாருங்கள். சட்டென்று பூஜ்யத்துக்கு வந்தால், கேஜுக்குப் பின்னால் நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரைத் தாங்கிப் பிடிப்பது அதுவாக இருக்கும், பாரம் கேஜுக்கு வராது. அப்படியானால் டியூப் லெவலோடு வரப்பு வரப்பாக ஏறி அளப்பதுதான் வழி. படிக்கட்டு வயல் அதற்குத் தோதானது, ஒவ்வொரு படியும் ஒரு நிறுத்தம். பைப் மேடு பள்ளமாக ஏறி இறங்கிப் போகும் இடங்களில் மேட்டில் காற்று தங்கி கேஜ் தவறாகக் காட்டும் என்பதால், அங்கேயும் ஒருமுறை டியூப் லெவலில் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்து கேஜிலிருந்து கிணற்று நீர்மட்டம். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே கயிறு விட்டு அளக்க வேண்டும். காலையில் ஓடாத கிணற்றில் அளந்த எண் உதவாது. எங்களுக்கு 4 மீட்டர். ஆக நிலை உயரம் 35 + 4 = 39 மீட்டர்.

இரண்டாவது எண் மொத்த ஹெட். பம்ப் உண்மையில் எதிர்த்துத் தள்ளும் பாரம் இதுதான். உயரத்தோடு பைப்பின் உராய்வும் இதில் சேர்ந்திருக்கும். பம்ப் ஓடும்போது டெலிவரி கேஜ் 4.8 கிலோ, அதாவது 48 மீட்டர். வாக்குவம் கேஜ் 405 மில்லிமீட்டர் பாதரசம். அதை 13.6-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 5.5 மீட்டர். இரண்டு கேஜும் ஒரே மட்டத்தில் இருந்ததால் நேராகக் கூட்டலாம்: 48 + 5.5 = 53.5 மீட்டர். டெலிவரி கேஜ் மேலே இருந்தால் அந்த இடைவெளியையும் கூட்ட வேண்டும்.

53.5-இல் 39 போக மிச்சம் 14.5 மீட்டர். அத்தனையும் பைப்பில் உராய்ந்தே போகிறது. தோட்டக்காரர் இந்த எண்ணைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

## 5. மின்சக்தி: ஆம்பியரை வைத்து ஊகிக்காதீர்கள்

மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்தில் `imp/kWh` என்று ஓர் எண் இருக்கும், ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்பது அது. எங்கள் மீட்டரில் 800. பம்ப் கொட்டகை பல்பை அணைத்துவிட்டு, 100 மினுக்கலுக்கு நேரம் பார்த்தோம்: 115.4 நொடி.

```
kW = 3600 × n ÷ (K × t)
   = 3600 × 100 ÷ (800 × 115.4) = 3.9
```

எண்ணும்போது முதல் மினுக்கலைப் பூஜ்யம் என்று தொடங்க வேண்டும். ஒன்று என்று தொடங்குவது எல்லோரும் செய்யும் தவறு. மீட்டர் எண் 3200 மாதிரிப் பெரிதாக இருந்தால் விளக்கு நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் துடிக்கும், கண்ணால் எண்ண முடியாது. மொபைலில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டி எண்ணுங்கள்.

சாதாரண கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் மட்டும் பார்த்து வாட் கண்டுபிடிக்கலாமே என்று கேட்பார்கள். அங்கே ஃபேஸுக்கு 6.8 ஆம்பியர், 400 வோல்ட் இருந்தது. √3 × 400 × 6.8 என்றால் 4.71 கே.வி.ஏ. இதைப் பவர் ஃபேக்டரால் பெருக்கினால்தான் வாட். அதை 0.9 என்று ஊகித்தால் செயல்திறன் 40 சதவீதம், 0.75 என்று ஊகித்தால் 48 சதவீதம். ஒரே பம்ப், ஒரே நேரம், ஊகத்தால் மட்டும் 8 புள்ளி ஆடுகிறது. உண்மையில் அது 0.83. மோட்டாரின் பாரம் குறையக் குறைய பவர் ஃபேக்டரும் இறங்கும், அதனால் எல்லாப் பம்புக்கும் பொருந்தும் ஓர் எண்ணை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வழியில்லை.

தண்ணீரும் கரண்டும் கேஜும் ஒரே பத்து நிமிடத்துக்குள் அளக்கப்பட வேண்டும். வோல்டேஜ் ஏறி இறங்கும் லைனில் காலையில் கரண்டும் மதியம் தண்ணீரும் அளந்தால் இரண்டும் சேராது.

## 6. கணக்கு: ஒரே அளவீட்டில் இரண்டு விடை

```
பம்ப்செட்   : 9.81 × 3.2 × 53.5 = 1680 W → 1680 ÷ 3900 = 43%
முழு அமைப்பு : 9.81 × 3.2 × 39   = 1224 W → 1224 ÷ 3900 = 31%
```

மேல் வரி மோட்டாரும் பம்பும் சேர்ந்து செய்த வேலை. கீழ் வரியில் பைப்பும் சேர்ந்துவிட்டது. மேல் வரி தாழ்ந்திருந்தால் பம்பையோ மோட்டாரையோ பார்க்க வேண்டும். மேல் வரி சுமாராக இருந்து கீழ் வரி மட்டும் விழுந்திருந்தால் பைப்பைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு விடையை மட்டும் எடுத்தால் குற்றம் யார் மேல் என்றே தெரியாது. நிலை உயரத்தை மட்டும் வைத்து 31 என்று கண்டுபிடித்து, பம்பைக் குற்றவாளியாக்கிப் புதுப் பம்ப் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். புதுப் பம்பும் அதே பைப்பில்தான் மூச்சு வாங்குகிறது.

பம்பின் தகட்டோடு ஒப்பிடுங்கள். இந்தப் பம்பின் தகட்டில் 50 மீட்டர் ஹெட், நொடிக்கு 4 லிட்டர், ஒட்டுமொத்தத் திறன் 48 சதவீதம் என்று இருந்தது. நாம் அளந்தது 43. தகடு ஒரே ஒரு புள்ளியைத்தான் சொல்கிறது, நம் பம்ப் அந்த இடத்தில் ஓடவில்லை. மேலும் டிரம், கேஜ், மீட்டர் மூன்றிலும் இரண்டிரண்டு சதவீதம் பிசகலாம் என்பதால் 43 என்பதை 41 முதல் 45 வரை என்று படிக்க வேண்டும். கொஞ்சம் தேய்மானம் இருக்கிறது, பம்பை மாற்றும் அளவுக்கு இல்லை. உராய்வில் போகும் 14.5 மீட்டர்தான் பெரிய ஓட்டை.

## 7. பைப்பை மாற்றும் முன் சக்ஷனைப் பாருங்கள்

சமவெளிக் கணக்கு மலையில் உதவாத இடம் ஒன்று உண்டு. பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை. பம்பின் வாயில் வெற்றிடம் உண்டாகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை அதற்குள் தள்ளுகிறது. கடல்மட்டத்தில் அந்த அழுத்தம் 10.3 மீட்டர் தண்ணீருக்குச் சமம். கேத்தி போன்ற 2,000 மீட்டர் உயரத்தில் அது 8.1 மீட்டர்தான்.

வாக்குவம் கேஜின் முகத்தில் 760 வரை கோடு இருக்கும். 405 காட்டினால் இன்னும் பாதி மிச்சம் இருப்பது போலத் தோன்றும். இங்கே கேஜ் 596-ஐத் தாண்டவே தாண்டாது, காற்றே அவ்வளவுதான். ஆக 8.1-இல் 5.5 போக மிச்சம் 2.6 மீட்டர், நீராவி அழுத்தத்துக்கு 0.2 கழித்தால் 2.4 மீட்டர். பம்ப் கம்பெனி புத்தகத்தில் என்.பி.எஸ்.எச். என்று கொடுத்திருக்கும் எண்ணைவிட இந்த மிச்சம் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் இம்பெல்லருக்குள் நீர் கொதித்துக் குமிழியாகி உடையும்.

இப்போது டெலிவரி பைப்பை மட்டும் பெரிதாக்கினால் என்ன ஆகும்? எதிர்ப்பாரம் குறையும், தண்ணீர் கூடும். சக்ஷன் பக்கத்து 5.5 மீட்டரில் நீர்மட்ட உயரம் 4 போக 1.5 உராய்வு. தண்ணீர் நொடிக்கு 4.1 லிட்டராகும்போது அந்த உராய்வு 1.5-லிருந்து ஏறக்குறைய 2.5 மீட்டராகும், ஏனென்றால் ஓட்டம் கூடக் கூட உராய்வு அதன் வர்க்கமாக ஏறுகிறது. 4-ம் 2.5-ம் சேர்த்தால் 6.5. 8.1-இல் அதுவும் நீராவிக்கான 0.2-ம் போக மிச்சம் 1.4 மீட்டர்தான். நன்றாக ஓடிய பம்ப் புதுப் பைப் போட்ட மறுநாள் கூழாங்கல் அரைக்கிற மாதிரிச் சத்தம் போடும், கேஜ் முள் நடுங்கும், நினைத்த தண்ணீர் வராது. இதைக் கேட்டு "பைப் போட்டவன் கெடுத்துவிட்டான்" என்று சண்டை நடந்த தோட்டமும் உண்டு. பைப் போட்டவர் மேல் அதில் தவறே இல்லை.

எனவே வரிசை இதுதான்: முதலில் பம்பைத் தண்ணீருக்கு அருகில் இறக்குங்கள், சக்ஷன் பைப்பை ஓர் அளவு பெரிதாக்குங்கள், ஃபுட் வால்வின் சல்லடையைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு டெலிவரி பைப். ஒன்று கவனம்: மழைக்காலத்தில் ஓடை எவ்வளவு ஏறும் என்பதைக் கேட்டுக்கொண்டு மேடையின் உயரத்தை முடிவு செய்யுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய மோட்டார் எந்தச் செயல்திறனையும் தராது.

## 8. மாற்றியபின் மறுபடி அதே அளவீடு

கேத்தியில் பம்பை 2 மீட்டர் இறக்கினார்கள். சக்ஷன் 3 அங்குலம் ஆனது. டெலிவரிக்கு 75 மில்லிமீட்டர் ஹெச்.டி.பி.இ. போட்டார்கள். அதே டிரம், அதே கேஜ், அதே மீட்டரில் மறுபடி அளந்தோம். அளவுகோலை மாற்றினால் ஒப்பீடு போய்விடும்.

டிரம் 44 நொடியில் நிரம்பியது, நொடிக்கு 4.1 லிட்டர். டெலிவரி கேஜ் 4.2 கிலோ, சக்ஷன் 2.8 மீட்டர், மொத்த ஹெட் 44.8. மின்சக்தி 4.15 கிலோவாட். நிலை உயரம் அதே 39, ஏனென்றால் கிணறும் தொட்டியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

```
பம்ப்செட்   : 9.81 × 4.1 × 44.8 = 1802 W → 1802 ÷ 4150 = 43%
முழு அமைப்பு : 9.81 × 4.1 × 39   = 1569 W → 1569 ÷ 4150 = 38%
```

மோட்டார் முன்பைவிடக் கூடுதல் வாட் இழுக்கிறதே என்று தோட்டக்காரர் கவலைப்பட்டார். இழுக்கத்தான் செய்யும், தண்ணீர் கூடியிருக்கிறது. பார்க்க வேண்டியது ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட் என்பது: முன்பு 0.34, இப்போது 0.28. இருந்தாலும் ஸ்டார்ட்டரின் ஓவர்லோடு அளவையும் மோட்டார் தகட்டின் ஆம்பியரையும் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

20,000 லிட்டர் தொட்டி நிரம்ப முன்பு 1 மணி 44 நிமிடம் ஆனது. இப்போது 1 மணி 21 நிமிடம். த்ரீ ஃபேஸ் குறைந்த நேரமே வரும் இடத்தில் கரண்ட் கட்டணத்தைவிட இந்த 23 நிமிடம்தான் பெரிது.

பம்ப்செட்டின் 43 அசையவே இல்லை. தகட்டின் 48-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இம்பெல்லருக்கும் வேர் ரிங்குக்கும் இடையே தேய்ந்து அகன்ற இடைவெளியில் இருக்கும். டெலிவரிக்குப் போக வேண்டிய நீர் அதன் வழியே சக்ஷனுக்குத் திரும்பிவிடுகிறது. கேரட் அறுவடை முடிந்து பம்ப் சும்மா இருக்கும் வாரத்தில் கேஸிங்கைத் திறந்து ரிங்கை மாற்றுவதாக முடிவு செய்தோம். அதன்பின் டிரம்மோடு இன்னொருமுறை மேடேற வேண்டும்.